பம்பைத் தூக்க வழியில்லாத கட்டடம், ஆளைக் குழிக்குள் இறக்கும்!

காவிரி டெல்டா தட்டையான பூமி. நெல் வயலுக்கு அது வரம், பாதாளச் சாக்கடைக்கு அதுவே தலைவலி. கழிவுநீர் தானாக ஓட குழாய்க்குச் சரிவு வேண்டும். நிலம் சரியாததால், தெருவுக்குத் தெரு குழாய்தான் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தோண்டினால் நிலத்தடி நீர் ஊறும். அந்த இடத்தில் ஆழமான தொட்டி ஒன்றைக் கட்டி, பம்ப் வைத்து கழிவுநீரை மேலே ஏற்றுவார்கள். அதுதான் பம்பிங் ஸ்டேஷன்.

தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் பாதாளச் சாக்கடைத் திட்டமே இந்தக் கட்டடங்களை நம்பித்தான் ஓடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சின்ன ரூம், ஒரு கேட். ஆனா அந்த ரூமுக்குள் யாராவது சாவார்களா, மாட்டார்களா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அங்கே வேலை பார்ப்பவர் இல்லை. அதை வரைந்தவர்தான்.

ரிஸ்க் ரிஜிஸ்டர் என்றால் என்ன?

ஒரு கட்டடத்தை வரையும்போதே, அதில் என்னென்ன ஆபத்து இருக்கிறது, யாருக்கு, எப்போது வரும், அதற்கு வரைபடத்தில் என்ன மாற்றம் செய்தோம், மிச்சம் என்ன, அதற்கு யார் பொறுப்பு என்று வரிவரியாக எழுதும் பட்டியல்தான் இது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு மதிப்பெண். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு 1 முதல் 5 வரை. நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்பதற்கு 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கினால் ஆபத்தின் அளவு தெரியும்.

சிக்கல் எங்கே என்றால், பல பட்டியல்களில் கடைசிக் கட்டத்தில் ஒரே பதில்தான் இருக்கும்: 'மாஸ்க், பெல்ட் அணிய வேண்டும்'. இது வடிவமைப்பு இல்லை. பொறுப்பை மேஜையிலிருந்து குழிக்குத் தள்ளிவிடுவது.

ஒரு மாதிரி வரைபடம்

7 மீட்டர் ஆழத் தொட்டி, அதற்குள் 400 கிலோ எடையுள்ள இரண்டு நீர்மூழ்கிப் பம்புகள், மேலே 3 மீட்டர் உயரத்தில் கூரை என்று ஒரு பம்பிங் ஸ்டேஷனை வைத்துக்கொள்ளலாம். இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'உள்ளே என்ன வாயு இருக்கும்?' என்பதல்ல. 'ஒருத்தர் ஏன் கீழே இறங்கணும்? வருஷத்துக்கு எத்தனை தடவை?' என்பதுதான்.

பதில் எளிது. தொட்டிக்குக் கழிவுநீர் வரும் இடத்தில் கம்பி வலை இருக்கும். துணி, பிளாஸ்டிக், முடி எல்லாம் அதில் சிக்கும். அதைக் கையால் வாரும்படி வரைந்தால், தினமும் ஒருத்தர் ஏணியில் இறங்கியாக வேண்டும். வாய்ப்பு 4, பாதிப்பு 5. மொத்தம் 20.

மாஸ்க் கொடுத்தால்? ஆள் இன்னமும் கீழேதான் இருக்கிறார். வாய்ப்பு 3 ஆகலாம், மொத்தம் 15. வலையைக் கூடை மாதிரி செய்து, மேலிருந்தே செயின் போட்டுத் தூக்கும்படி வரைந்தால்? தினசரி இறங்கும் வேலையே போய்விடும். வாய்ப்பு 1, மொத்தம் 5. இதில் கவனிக்க வேண்டியது, பாதிப்பு கடைசி வரை 5-லேயே நிற்கிறது. குழி பாதுகாப்பானதாக மாறவில்லை. ஆள் இறங்குவதுதான் குறைந்திருக்கிறது.

இதே கேள்வியை வால்வுக்கும் கேட்கலாம். அதைத் தொட்டிக்கு வெளியே, ஆழமில்லாத தனி அறையில் வைத்தால் திருக யாரும் உள்ளே போக வேண்டாம்.

தூக்குவதும் ஆபத்துதான்

பம்ப் ரிப்பேர் ஆனால் வெளியே எடுக்கணும். வழிகாட்டிக் கம்பியில் ஏறி இறங்கும் பம்ப் என்றால் மேலிருந்தே இழுத்துவிடலாம். ஆனால் கட்டடம் அதற்கு இடம் கொடுக்கிறதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்ப் உயரம் 1.2 மீட்டர், தொங்கும் செயின் 0.8, செயின் பிளாக் 0.5, லாரியின் தளம் 1.2, இடைவெளி 0.3. கூட்டினால் 4 மீட்டர். கூரையோ 3 மீட்டர். பம்ப் மேலே வரும், ஆனால் லாரியில் ஏறாது. அப்புறம் என்ன நடக்கும்? ஆறு பேர் சேர்ந்து கயிறு கட்டி, திறந்து கிடக்கும் குழி ஓரத்தில் நின்று இழுப்பார்கள்.

அதோடு, சேற்றில் புதைந்த பம்பை இழுக்கும்போது அதன் எடையைவிட அதிக விசை வேண்டியிருக்கும். 400 கிலோவுக்கு அரை டன் பிளாக் போதும் என்று வாங்கினால் அங்கே மாட்டும். 1 டன் என்று எழுதுவதுதான் சரி. மேலே உள்ள ஐ-பீம் வாசலைத் தாண்டி, லாரி நிற்கும் இடம் வரை நீள வேண்டும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு, தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ள நபர் வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதிக்கணும் என்றது. பீம் உயரத்தில் ஏறிப் பார்க்க வழியே இல்லையென்றால் சோதனை எப்படி நடக்கும்? அதுவும் பட்டியலில் ஒரு வரி.

அப்படியும் இறங்க வேண்டி வந்தால்?

ஆண்டுக்கு ஒரு தடவை இறங்கும் வேலை மிஞ்சலாம். அங்கே எதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாசனை வரும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவைத் தொட்டால் மூக்கு மரத்துப்போய் வாசனை தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு' என்று நம்பும் நொடிதான் ஆபத்தானது. சேற்றைக் கிளறினால் வாயு புதிதாகக் கிளம்பும் என்பதால், இறங்கும் முன் ஒரு தடவை அளந்தால் போதாது. வேலை முடியும் வரை மீட்டர் உடம்பிலேயே இருக்கணும்.

மயங்கியவரைக் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் சாவு எண்ணிக்கையைக் கூட்டுகிறது. 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு கழிவுநீர்த் தொட்டியில் 6 பேர் இறந்தது இப்படித்தான். அவர்களில் ஒரு தந்தையும் இரு மகன்களும் இருந்தார்கள். அதனால் மேலே நிற்பவர் உள்ளே போகாமலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலியும் வின்ச்சும் வேண்டும். முக்காலி நிற்க இடமும் உயரமும் வேண்டும். திறப்பு குறைந்தது 600 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். அதன் நேர் கீழே குழாய் எதுவும் குறுக்கே போகக் கூடாது. இவை எல்லாமே வரைபடத்தில்தான் வரும். கான்கிரீட் போட்ட பிறகு வாங்கிக்கொள்ள முடியாது.

'செலவு ஆகுமே!'

இதுதான் வழக்கமான பதில். பேப்பரில் பீமை இரண்டு மீட்டர் நீட்டவும், கூரையை ஒரு மீட்டர் உயர்த்தவும் ஆகும் செலவு மொத்தத் திட்டத்தில் சின்னது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் கூரையைப் பிறகு உடைப்பது, ஊர்க் கழிவுநீரை நிறுத்திவிட்டுச் செய்யும் வேலை. அதை யாரும் செய்யப்போவதில்லை. பதிலுக்கு ஆளை இறக்குவார்கள்.

சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரணும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கும்பகோணம் மேன்ஹோலைச் சுத்தம் செய்ய ரோபோவையே கொண்டுவந்தது. ஆனால் தெரு மேன்ஹோலுக்கு ரோபோ வந்தாலும், பம்பிங் ஸ்டேஷன் தொட்டிக்கு வழி வரைபடத்தில்தான் பிறக்கும்.

எனவே, டெண்டர் விடும் முன்பே அந்தப் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் கையெழுத்துப் போடும் கூட்டத்தில், வலையை வாரும் தொழிலாளி ஒருவரும் உட்கார வேண்டும். 'இங்க நான் எப்படிண்ணே இறங்குறது?' என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி, பட்டியலில் விட்டுப்போன வரியைக் காட்டிவிடும்.