விளம்பரப் படம் யாருடையது?

கேள்வி: பேஸ்புக்கில் பழைய பவர் டில்லர் 45,000 ரூபாய்க்கு விற்பனை என்று பார்த்தேன். விற்பவர் வாட்ஸ்ஆப்பில் நான்கு படங்கள் அனுப்பினார். 5,000 ரூபாய் அட்வான்ஸ் போட்டால் வண்டியை ஒதுக்கி வைப்பாராம். நம்பலாமா?
– ஒரு வாசகர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: பணம் அனுப்பும் முன் அந்தப் படங்கள் அவருடையவைதானா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

படத்தை முதலில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் ஆப்பைத் திறந்தால் தேடும் கட்டத்தின் ஓரத்தில் கேமரா படம் இருக்கும். அதைத் தொட்டு, சேமித்த படத்தைத் தேர்வு செய்யுங்கள். இதுதான் கூகுள் லென்ஸ்.

உடனே வரிசையாகப் பவர் டில்லர்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை அதே மாடல் வண்டிகள்தான், அதே வண்டி அல்ல. இதைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். Exact matches என்ற பகுதி தெரிந்தால் அதைத் தொடுங்கள். அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பதை அது காட்டும்.

நீங்கள் அனுப்பிய நான்கு படங்களையும் நான் தேடிப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது படம் வேறு மாநிலத்து விற்பனைப் பக்கம் ஒன்றில் இருந்தது. பின்னால் உள்ள நீலத் தார்ப்பாய், மட்கார்டில் உள்ள நசுங்கல் இரண்டும் அப்படியே இருந்தன. அந்த விளம்பரம் இரண்டு வருடம் பழையது, விலையும் 1,10,000 ரூபாய். ஊரும் விலையும் போன் நம்பரும் ஒத்துப்போயிருந்தால், ஒரே ஆள் இரண்டு இடத்தில் விளம்பரம் கொடுத்திருக்கிறார் என்று விட்டுவிடலாம். இங்கே மூன்றுமே வேறு. ஆகவே இது எடுத்துப் போட்ட படம்தான்.

கூகுளில் கிடைக்காவிட்டால் tineye.com என்ற தளத்திலும் படத்தை ஏற்றிப் பாருங்கள். அங்கே Oldest என்று வரிசைப்படுத்தினால், அந்தத் தளம் முதலில் கண்டெடுத்த பிரதி மேலே வரும்.

ஒன்றை மறக்காதீர்கள். தேடலில் எதுவும் வரவில்லை என்பதால் படம் உண்மையானது என்று ஆகிவிடாது. வாட்ஸ்ஆப்பிலும், வெளியார் பார்க்க முடியாத பேஸ்புக் குழுக்களிலும் மட்டும் சுற்றும் படங்கள் இந்தத் தேடலுக்கு எட்டாது. அப்போது விற்பவரிடம் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நம்பரைக் கிட்டத்தில் காட்டச் சொல்லுங்கள். வண்டி கையில் இருப்பவருக்கு இது சிரமமே இல்லை. "நெட்வொர்க் இல்லை, ஆள் வெளியூரில்" என்று சாக்குச் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். வீடியோவில் காட்டினாலும், நேரில் பார்த்து ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

ஏற்கெனவே பணம் போட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். பணம் வெளியே எடுக்கப்படும் முன் சொன்னால் அதை நிறுத்திவைக்க வழி உண்டு.