என்.ஏ.வி. ஏறினால் லாபமா?

அண்மையில் ஒரு கல்யாணப் பந்தியில் வங்கி ஊழியர் ஒருவர், தன்னிடம் யூலிப் பாலிசி எடுத்த ஆசிரியரிடம் செல்போனை நீட்டினார். "பாருங்க சார், என்.ஏ.வி. 20 ரூபாயிலேர்ந்து 22 ஆயிடுச்சு. பத்து பர்சென்ட் லாபம்!" பக்கத்து இலைக்காரர்களும் தலையாட்டினார்கள். ஊரே இப்படித்தான் யூலிப்பைப் படிக்கிறது.

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஆண்டுக்கு 60,000 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் ஒதுக்கீட்டுக் கட்டணம் 5 சதவீதம் என்றால், 3,000 ரூபாய் வாசலிலேயே போய்விடும். மீதி 57,000-க்கு, 20 ரூபாய் வீதம் 2,850 யூனிட். அதன்பின் மாதந்தோறும் உயிர்க்காப்புக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று சில யூனிட்களைக் கழிப்பார்கள். ஆண்டு முடிவில் 150 யூனிட் கரைந்து 2,700 நிற்கிறது. அதை 22-ஆல் பெருக்கினால் 59,400.

பத்து சதவீத 'லாபத்துக்கு'ப் பிறகு, கட்டிய காசைவிட 600 ரூபாய் குறைவு!

என்.ஏ.வி. பொய் சொல்லவில்லை, அது ஒரு யூனிட்டின் விலை, அவ்வளவுதான். எத்தனை யூனிட் மிச்சம் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லும் 'யூனிட் இருப்பு' வரியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் 2,850 எப்படி 2,700 ஆனது என்று பந்தியிலேயே கேட்டிருக்கலாம். ஆண்டுக்கு 1.35 சதவீதம் வரை போகக்கூடிய நிதி மேலாண்மைக் கட்டணத்தை யூனிட் இருப்பில்கூடக் காண முடியாது. அது தினமும் என்.ஏ.வி.யிலேயே கழிக்கப்பட்டுவிடும்.

இதில் "எஃப்.டி. மாதிரிதான் சார்" என்று வேறு விற்கிறார்கள். எந்த எஃப்.டி.யில் மாதாமாதம் அசலைக் கிள்ளுகிறார்கள்? லாக்கரைக் கேட்டுப் போனவரிடம் பாலிசிப் படிவத்தை நீட்டும் கிளைகளுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.

'லாக்-இன்' கதை இன்னும் வேடிக்கை. 2010 செப்டம்பர் முதல் அது ஐந்து ஆண்டு. இரண்டாம் ஆண்டே கட்டுவதை நிறுத்தினால், நிறுத்தக் கட்டணம் போக மீதி, 'நிறுத்தப்பட்ட பாலிசி நிதி'க்குப் போகும். அங்கே குறைந்தபட்சம் 4 சதவீத வட்டி உண்டு. பாலிசியைப் புதுப்பிக்காவிட்டால், ஐந்து ஆண்டு முடிந்த பிறகே பணம் கைக்கு வரும். சந்தை எவ்வளவு ஏறினாலும் அதில் அவருக்குப் பங்கில்லை.

ஐந்து ஆண்டு என்பது பணம் எடுக்கக் கதவு திறக்கும் நாள், பாலிசி முதிரும் நாள் அல்ல. பத்தாண்டு கட்ட ஒப்புக்கொண்டவர் ஐந்தோடு நிறுத்திப் பணத்தை உள்ளேயே விட்டால், காப்புத் தொகை சுருங்கும்; யூனிட் கழிப்பது மட்டும் தொடரும். ஆனால் சரியாக அந்த நாளில்தான் போன் வரும்: "அஞ்சு வருஷம் முடிஞ்சுடுச்சு சார், எடுத்துப் புதுசா ஒண்ணு போட்டுடலாமா?" புதிதாகப் போட்டால் முதலாண்டு ஒதுக்கீட்டுக் கட்டணமும் ஐந்தாண்டுப் பூட்டும் மறுபடி முதலிலிருந்து. விற்றவருக்குப் புதுக் கமிஷன்.