மரண சாசனமும் மகளின் பங்கும்

"என் சொத்து, என் விருப்பம்" என்று நிலம் முழுவதையும் மகனுக்கே மரண சாசனம் எழுதுவோர் நம்மில் உளர். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ஒருவர் 9 ஏக்கரும், ஒரு மகனும் ஒரு மகளும் விட்டு இறக்கிறார் எனக் கொள்வோம். அடக்கச் செலவும் கடனும் தீர்ந்தபின், வஸிய்யத்துக்கு உரியது மூன்றிலொன்றான 3 ஏக்கரே, அதுவும் வாரிசல்லாதாருக்கே. மகனுக்கு எழுதியது, தந்தை மறைந்தபின் மகள் மனமுவந்து இசைந்தாலன்றிச் செல்லாது. எனவே மகனுக்கு 6, மகளுக்கு 3.

"சீர் செய்தாயிற்றே!" என்பார்கள். வாழ்நாளில் தந்த அன்பளிப்பு வாரிசுப் பங்கைக் குறைக்காது.

ஒரே மகளையுடைய ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) தர்மத்துக்காக மூன்றில் இரண்டு பங்கு கேட்டபோது, மூன்றிலொன்றே அதிகம் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). தர்மத்துக்கே வரம்பிருக்க, மகளை வெறுங்கையாக்கும் சாசனத்துக்கு ஏது இடம்? தங்கையை வெட்கப்படுத்தி வாங்கும் கையொப்பம் சம்மதமாகுமா?