வரி முடியும் இடத்தில் காது வையுங்கள்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பொங்கல் விழா என்றால் வரவேற்புப் பாடல் ஒன்று கட்டாயம் உண்டு. பெரும்பாலும் நம்மவர் ஒருவரே எழுதி, தெரிந்த மெட்டில் பொருத்தி, பத்துப் பிள்ளைகளை நிறுத்திப் பாட வைப்பார். பல வருடங்களுக்கு முன் ஒருமுறை எழுதியவன் நான். ரயில்வேயில் இன்ஜினீயராக வேலை பார்த்தவன், படித்தது டிப்ளமோ, தமிழ்ப் புலவன் அல்ல. அந்தப் பாட்டில் நடந்த தவறு என்னுடையது என்பதால் தயக்கமின்றி எழுதுகிறேன்.

பல்லவி இரண்டே வரிகள்:

இல்லம் எங்கும் கோலமிட்டோம் அன்போடு
இணைந்து நின்று வரவேற்போம் பண்போடு

தாளில் பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகள் பாடத் தொடங்கியதும் பின்வரிசைப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். முன்னால் நின்ற பத்து வயதுப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு பாதியில் நின்றது. விழா முடிந்ததும் அந்தப் பெண்ணை நான் நன்றாகத் திட்டிவிட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "தாத்தா, நான் வேணும்னு சிரிக்கல. 'அன்... போடி'ன்னு வருது. ஒத்திகையிலேயே எங்களுக்குத் தெரியும். நீங்க எழுதின பாட்டுன்னு பயந்து சொல்லல."

வீட்டுக்கு வந்து மெதுவாகப் பாடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

நடந்தது இதுதான். 'அன்போடு' என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த உகரம் ஓடிவிடும். மிஞ்சிய மெய் வருகிற உயிரோடு சேர்ந்துகொள்ளும். அன்போடு, இணைந்து என்ற இரண்டும் சேர்ந்து 'அன்போடிணைந்து' ஆகும். பேச்சில் இது யார் காதையும் உறுத்தாது; 'அன்பு' என்ற சொல் முழுதாகக் காதில் விழுவதால் பொருள் பிழைத்துவிடும். மெட்டுதான் கெடுத்தது. நான் எடுத்துக்கொண்டது எட்டுத் தட்டு ஆதி தாளம். அதில் நான்காம் தட்டு முழுக்க 'அன்' நீள்கிறது. உள்ளங்கை அடி விழுகிற ஐந்தாம் தட்டில் 'போ' அழுத்தமாக விழுகிறது. மூச்சு விடாமல் அடுத்த வரி அங்கேயே பிடித்துக்கொள்கிறது. கேட்பவருக்கு 'அன்' ஒரு பக்கம், 'போடி' ஒரு பக்கம். மேடையில் உட்கார்ந்திருப்பவரோ ஒரு பெண்மணி!

சீருக்காகவோ தாளத்துக்காகவோ சொல்லை நடுவில் வெட்டுவதை யாப்பில் வகையுளி என்பார்கள். நம் பழைய புலவர்கள் இதே வெட்டை வேண்டுமென்றே செய்து வித்தை காட்டியிருக்கிறார்கள். ஒரே தொடரை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டு பொருள் கொள்வதைத் தண்டியலங்காரம் பிரிமொழிச் சிலேடை என்கிறது. காளமேகப் புலவருக்குச் சிலேடை கைவந்த கலை. அவர் தெரிந்து செய்தார், நான் தெரியாமல் செய்தேன். இது தமிழுக்கு மட்டும் உள்ள தொல்லை அல்ல. சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர், சிறு வயதில் ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டின் வரிமுடிவை 'மாண்டகிரீன் சீமாட்டி' என்று ஒரு பெண்ணின் பெயராகக் கேட்டு வந்ததை 1954-இல் எழுதினார். அதிலிருந்து இப்படித் தவறிக் கேட்பதற்கு ஆங்கிலத்தில் மாண்டகிரீன் என்றே பெயர் வந்துவிட்டது.

முதலில் நான் செய்த திருத்தம் இன்னும் மோசம். 'இணைந்து' என்பதை எடுத்துவிட்டு 'ஆடி நின்று' என்று போட்டேன். பாடிப் பார்த்தால் 'போடாடி' என்று வருகிறது. போடி போய்ப் போடா வந்துவிட்டது! அடுத்த வரியின் முதல் எழுத்து உயிராக இருக்கும் வரை ஏதாவது ஒன்று ஒட்டத்தான் செய்யும். 'சேர்ந்து' என்று மெய்யில் தொடங்கினால் உகரம் தங்கிவிடும், 'போடு' என்ற அளவில் நிற்கும். அதைவிட வரியின் வாலையே மாற்றுவது நல்லது என்று 'அன்புடன்' ஆக்கினேன். 'புடனிணைந்து' என்பதில் யாருக்கும் எந்த வசவும் கேட்காது.

அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள் அல்லவா? இரண்டாம் வரியின் 'பண்போடு' முதல் வரியின் 'இல்லம்' மேல் போய் முட்டுகிறது: பண்... போடில்லம். தாளில் இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் இல்லவே இல்லை; பாட்டில்தான் இருக்கின்றன. சரணத்தின் கடைசிச் சொல்லும் அப்படித்தான், பல்லவியின் முதல் சொல்லோடு கைகோக்கும். ரயில் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு இணைப்பைப் பார்க்காமல் கொடி காட்டியவன் கதைதான் என் கதை.

நாம் அச்சுத் தாளைத் திருத்துகிறோம். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அச்சில் சந்தியைப் பிரித்துப் போடுகிறோம். தொண்டை அதைத் திரும்பச் சேர்த்துவிடுகிறது. ஆகவே நான் இப்போது பாட்டை வரி பிரிக்காமல், இடைவெளி விடாமல், சந்தி சேர்த்து ஒரே கயிறாக எழுதிக்கொள்கிறேன். கடைசியில் பல்லவியின் முதல் சொல்லையும் ஒருமுறை சேர்க்கிறேன். தாளத் தட்டு விழுகிற எழுத்துகளின் கீழ் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலிருந்தும் புதிதாக வாசிக்கத் தொடங்குகிறேன். 'எங்கள் தலைவன்' என்று ஒரு வரி முடிந்து 'ஆயிரம் ஆண்டு வாழ்க' என்று அடுத்த வரி வந்தால் 'தலைவ நாயிரம்' என்று கேட்கும். இன்றைய பேச்சில் னகரத்துக்கும் நகரத்துக்கும் காது வித்தியாசம் பார்ப்பதில்லை. 'அன்பே' என்று முடிந்து 'இன்பம்' என்று தொடங்கினால் இடையில் யகர உடம்படுமெய் வந்து 'அன்... பேயின்பம்' ஆகும். மங்கல விழாவில் பேய் எதற்கு?

பம்பாயில் நமக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஒலிபெருக்கியில் நம் பாட்டைக் கேட்பவர்களில் பாதிப் பேர் மராத்தியும் ஹிந்தியும் பேசுகிறவர்கள். 'பாடசாலை' என்பதைப் 'பாட' என்று இழுத்து, மூச்சு வாங்கி, 'சாலை' என்று அடித்தால், ஹிந்தியில் மைத்துனனைச் சொல்லித் திட்டுகிற வார்த்தை தெளிவாகக் கேட்கும். ஊரில் இதே பாட்டுக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே முதலில் சிரிப்பது நம் பிள்ளைகள்தான், அவர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும்.

இதற்காகப் பழைய பாட்டுகளில் கை வைக்கக் கூடாது என்பது என் கருத்து. முன்னோர் பாடியதைத் திருத்த நாம் யார்? அங்கே வரிமுடிவில் ஒரு சிறு மூச்சு விட்டுப் பாடினாலே போதும். இடைவெளி விழுந்தால் சந்தி விழாது. புதிதாக எழுதுகிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஒன்றை மட்டும் எழுதியவனால் செய்ய முடியாது. எழுதியவன் கண்ணுக்கு வார்த்தைகள் முன்பே தெரிந்துவிடுவதால் அவன் காது ஏமாறும். தாளைப் பார்க்காத ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். எனக்கு அந்த வேலையைச் செய்தவள் நான் திட்டிய அதே பெண்தான். மறு வருடமே அவளை அழைத்து மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்தேன். கூலி ஒரு வடாபாவ். இப்போது அவளுக்கே குழந்தை இருக்கிறது. சமீபத்தில் அந்தக் குழந்தைக்கு என்று 'எங்கள் ராசா' என முடிந்து 'வருக வருக' எனத் தொடங்கும் தாலாட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தேன். "தாத்தா, 'ரா'வை இழுத்தா அடுத்தது என்ன வருதுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாடிப் பார்த்தேன்: ரா... சா வருக. ராசாவை எடுத்துவிட்டுக் கண்ணே என்று போட்டுக் கொண்டிருக்கிறேன்.