விமானத்தில் உங்கள் கைப்பேசி ஏன் கத்துகிறது?

திரிங்காப்பில் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே நடக்கும்போது, கைப்பேசியில் அலைவரிசைக் கோடுகள் குறைந்து ஒன்றே ஒன்று எஞ்சுவதைக் கவனித்திருப்பீர்கள். அன்று மின்கலமும் சீக்கிரம் தீர்ந்துவிடும். மலை மறைப்பதால் கோபுரத்திற்குக் குரல் எட்டவில்லை என்று கைப்பேசி உணர்கிறது. உடனே அது தன் அலைபரப்புத் திறனைக் கூட்டுகிறது. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட நாம் கத்துவது போலத்தான்.

விமானத்திலும் இதுவே நடக்கிறது. உலோக உடல் அலையைத் தடுக்கிறது. உயரம் கூடக் கூடக் கோபுரங்களும் விலகிப் போகின்றன. கைப்பேசி உச்சத் திறனில் கத்தத் தொடங்கும். 4ஜி கைப்பேசிக்கு அந்த உச்சம் சுமார் 0.2 வாட். பழைய 2ஜி கைப்பேசி 2 வாட் வரை போகும். அதுவும் நொடிக்கு 217 முறை துண்டு துண்டாக அனுப்பும். வானொலிக்கு அருகில் 2ஜி கைப்பேசியை வைத்தால் கேட்கும் ‘டிட் டிட் டிட்’ ஒலி இதனால் வருவதே. விமானியின் காதொலிக் கருவியிலும் இந்த இரைச்சல் நுழையலாம். தரையிறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் ஓர் எண் அந்த இரைச்சலில் தெளிவாகக் கேட்காமல் போனால், விமானி மறுபடி கேட்க வேண்டியிருக்கும்.

“கைப்பேசியால் விமானம் விழுந்ததாக நிரூபணம் இல்லையே, பிறகு எதற்கு விதி?” என்று சிலர் கேட்கிறார்கள். நிரூபணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விமானப் பாதுகாப்பு, விபத்து நடக்கும்வரை காத்திருப்பதில்லை. வேலை மிகுந்த அந்தச் சில நிமிடங்களில் தேவையில்லாத சிறு தொல்லையையும் முன்கூட்டியே விலக்கிவிடுகிறது.

இது மூடநம்பிக்கையாக இருந்திருந்தால் மாறியே இருக்காது. ஆராய்ந்து பார்த்த பிறகு, அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் 2013 அக்டோபரில் விதியைத் தளர்த்தியது. விமானப் பயன்முறையில் இருந்தால், புறப்படும்போதும் இறங்கும்போதும் சிறிய கருவிகளைப் பயன்படுத்த விமான நிறுவனங்கள் அனுமதிக்கலாம் என்றது. திரை எரிவது பிரச்சினையல்ல, கோபுரத்தைத் தேடும் அலைதான் பிரச்சினை என்பது அதில் தெளிவாகிறது. புளூடூத் சில மில்லிவாட் அளவில்தான் இயங்குகிறது. பல விமானங்களில் அதற்கு அனுமதி கிடைப்பது அதனால்தான்.

அப்படியானால், விமானப் பயன்முறையில் உள்ள மடிக்கணினியையும் உள்ளே வைக்கச் சொல்வது ஏன்? இதற்கும் அலைக்கும் தொடர்பில்லை. திடீரென வேகம் குறைந்தால் கையில் இருக்கும் கனமான பொருள் பறக்கும். அவசரமாக வெளியேற நேர்ந்தால் காலில் தடுக்கும். காதொலிக் கருவியைக் கழற்றச் சொல்வது, அவசரக் கட்டளை உங்கள் காதில் விழ வேண்டும் என்பதற்காக.

எனவே பணியாளர் சொல்வது ஒரே கட்டளை அல்ல. அலையை நிறுத்து, பொருளைப் பத்திரப்படுத்து, காதைத் திறந்து வை என்று மூன்று கட்டளைகள். விமானப் பயன்முறை இவற்றில் முதலாவதை மட்டுமே நிறைவேற்றும். அடுத்த முறை பயணம் செய்யும்போது, மற்ற இரண்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும்.