குரூப் சாட் அறிவிப்பு ஆகாது: ஒரு விதி மாற்றத்தை எல்லோருக்கும் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை இரவு 9.40 மணி. சென்னை ஓ.எம்.ஆரில் இருக்கும் 120 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். மேலாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு விதி மாறுகிறது. பத்து நிமிடத்தில் அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் மூன்று டீம் குரூப்களுக்குப் போய்விடுகிறது. மறுநாள் காலை ஒருவர், "வாரத்துக்கு 2 நாள் ஆபீஸ் வந்தா போதுமாம்" என்று சந்தோஷப்படுகிறார். இன்னொருவர், "வீட்ல இருந்து 2 நாள்தான் வேலை செய்யலாமாம்" என்று கவலைப்படுகிறார். இருவரும் படித்தது ஒரே மெசேஜைத்தான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் மனிதவளப் பிரிவில் இருக்கும் ஓர் இளம் ஊழியர் தலையில் விழும். "அந்த சாட்டைப் பார்த்து எல்லாருக்கும் ஒரு மெயில் போட்டுடுங்க" என்பார்கள். பார்க்க எளிய வேலைதான், மொழியைக் கொஞ்சம் திருத்தினால் முடிந்தது என்றும் தோன்றும். உண்மையில் இங்கே மொழி இரண்டாவது பிரச்னைதான். முதலில் பார்க்க வேண்டியது, அந்த உரையாடலில் எது முடிவு, எது வெறும் பேச்சு என்பது.

சாட்டில் இருந்தது என்ன?

நம் கற்பனை அலுவலகத்தின் உரையாடல் இது:

செயல் தலைவர்: "இன்னைக்குப் பேசினோம்ல, வொர்க் ஃப்ரம் ஹோம் இனிமே வாரத்துக்கு 2 நாள் போதும். அடுத்த மாசத்துலருந்து."

டீம் லீட் 1: "சார், திங்கள், வெள்ளி ரெண்டையும் எடுத்துட்டா ஆபீஸே காலி 😂"

செயல் தலைவர்: "ஆமா, திங்கள் வேணாம். மத்த நாள் டீம் லீட் பார்த்துக்கட்டும்."

டீம் லீட் 2: "சிலர் லாக்-இன் பண்ணிட்டுத் தூங்கறாங்க, அதான் இதெல்லாம்."

டீம் லீட் 3: "புதுசா சேர்ந்தவங்களுக்கு வேணாம்னு நினைக்கறேன். அப்புறம் சப்போர்ட் டீம்ல ஒருத்தங்களுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு, அவங்களை விட்டுடலாமா?"

செயல் தலைவர்: "👍"

அவ்வளவுதான், ஆறே மெசேஜ்.

முதல் வேலை: பிரிப்பது

எழுத உட்காரும் முன், ஒவ்வொரு வரியையும் நான்கு குவியல்களில் ஒன்றில் போட வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் தெளிவாகச் சொன்னது முதல் குவியல். அவர் சொன்னாலும் இரண்டு அர்த்தம் தருவது இரண்டாவது. மற்றவர்களின் கருத்து, கிண்டல், ஊகம் மூன்றாவது. தனிநபர் விவரம் நான்காவது.

இப்படிப் பிரித்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். முதல் குவியலில் உருப்படியாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும்: திங்கட்கிழமை வீட்டிலிருந்து வேலை கிடையாது.

"2 நாள் போதும்" என்பது இரண்டாவது குவியல். "அடுத்த மாசத்துலருந்து" என்பதும் அங்கேதான் போகும். காலண்டரைப் பார்த்தால் அக்டோபர் 1 வியாழக்கிழமை. வாரக் கணக்கில் இருக்கும் ஒரு விதி வாரத்தின் நடுவில் தொடங்கினால், அந்த வாரத்தை எப்படிக் கணக்கிடுவது? அந்த 👍 இன்னும் சிக்கல். அதற்கு மேலே இருந்த மெசேஜில் இரண்டு விஷயங்கள் இருந்தன. புதியவர்கள் பற்றிய யோசனைக்கா, சிகிச்சை பெற்றவர் பற்றிய கேள்விக்கா, இரண்டுக்குமா, அல்லது "பார்த்தேன்" என்று மட்டும் பொருளா? ஓர் எமோஜியை ஒப்புதலாக எடுத்துக்கொண்டு 120 பேருக்கு விதி எழுதக் கூடாது.

"லாக்-இன் பண்ணிட்டுத் தூங்கறாங்க" என்பது மூன்றாவது குவியல். அது ஒருவருடைய அபிப்பிராயம். அதை நாசூக்காக்கி "பணி ஒழுங்கை மேம்படுத்தும் நோக்கில்" என்று அறிவிப்பில் போட்டாலும் அது அதே குற்றச்சாட்டுதான். ஒழுங்காக வேலை செய்த 100 பேரும் அதைத் தங்களைப் பற்றியதாகவே படிப்பார்கள்.

நான்காவது குவியல்தான் ஆபத்தானது. "அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சப்போர்ட் டீம் ஊழியருக்கு விதிவிலக்கு" என்று எழுதினால் பெயரே தேவையில்லை. எட்டுப் பேர் உள்ள டீமில் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவர் தன் மேலாளரிடம் மட்டும் சொன்ன உடல்நல விவரம் கம்பெனி முழுக்கப் போய்விடும். பின்னால் திருத்தம் அனுப்பினாலும் இந்தத் தவறைத் திரும்பப் பெற முடியாது.

இரண்டாவது வேலை: கேட்பது

இரண்டாவது குவியலில் இருப்பவற்றை எழுதுபவர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கக் கூடாது. பலரும் வழுக்கும் இடம் இதுதான். மேலதிகாரியைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று, "அவர் இதைத்தான் சொல்லியிருப்பார்" என ஊகித்து எழுதிவிடுவார்கள். அப்போது விதியை உருவாக்கியவர் செயல் தலைவர் அல்ல, மெயில் எழுதியவர்.

கேட்கும்போது "கொஞ்சம் தெளிவுபடுத்த முடியுமா சார்?" என்று பொதுவாகக் கேட்டால், பதிலும் பொதுவாகத்தான் வரும். ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்க வேண்டும்:

"சார், எல்லாருக்கும் அனுப்பும் முன் ஐந்து விஷயம் உறுதி செய்யணும். 1. வீட்டிலிருந்து அதிகபட்சம் 2 நாள், அலுவலகத்தில் 3 நாள், சரிதானே? 2. அக்டோபர் 1 வியாழன். அதற்குப் பதில் 5-ம் தேதி திங்கள் தொடங்கலாமா? 3. தகுதிகாண் காலத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்துமா? 4. ஏற்கெனவே விதிவிலக்கு பெற்றவர்களுக்கு அது தொடருமா? 5. காரணம் சொல்வதாக இருந்தால் என்ன சொல்லலாம்?"

நம் உதாரணத்தில் வெள்ளிக்கிழமை மதியம் பதில் வருகிறது. "1 சரி. 2 சரி. 3, அவங்க முழுக்க ஆபீஸ். 4 தொடரும். 5, வாரத் தொடக்கத்துல எல்லா டீமும் நேர்ல உட்கார்ந்து பிளான் பண்ணணும், அதுக்குத்தான்." இந்தப் பதிலைப் பத்திரப்படுத்திவைக்க வேண்டும். நாளை "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வந்தால் எழுதியவரைக் காப்பாற்றுவது இதுதான்.

தேதி விஷயத்தில் சட்டமும் உண்டு. சம்பளம், வேலை நேரம், சம்பளத்துடன் கூடிய விடுப்பு போன்ற பணி நிபந்தனைகளை மாற்றும்போது, சட்டப்படி 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு, சில விலக்குகள் தவிர, 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதி. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்கள் அந்தப் பட்டியலில் நேரடியாக இல்லை. ஆனால் மாற்றம் ஷிஃப்ட் நேரத்தையோ படியையோ தொட்டால் தேதியை முடிவு செய்யும் முன் சட்ட ஆலோசனை தேவை.

மூன்றாவது வேலை: எழுதுவது

பதில்கள் கையில் வந்தபிறகு எழுதுவது சுலபம். போனில் படிப்பவருக்கு முதல் இரண்டு வரியிலேயே விஷயம் தெரிய வேண்டும்:

> வீட்டிலிருந்து வேலை: அக்டோபர் 5 முதல் வாரத்துக்கு 2 நாள்
>
> அக்டோபர் 5, திங்கட்கிழமை முதல், பணியாளர்கள் வாரத்துக்கு அதிகபட்சம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இப்போது இது 3 நாள். அக்டோபர் 4 வரை இப்போதைய விதியே தொடரும்.
>
> எந்த நாட்கள்: செவ்வாய் முதல் வெள்ளி வரை, உங்கள் டீம் லீடுடன் பேசி முடிவு செய்யலாம். எல்லா டீம்களும் வாரத் தொடக்கத்தில் நேரில் சேர்ந்து திட்டமிடுவதற்காக, திங்கட்கிழமை அனைவரும் அலுவலகம் வர வேண்டும்.
>
> தகுதிகாண் காலத்தில் இருப்பவர்கள்: வாரத்தின் 5 வேலை நாட்களும் அலுவலகத்தில் பணியாற்ற வேண்டும்.
>
> விதிவிலக்கு: ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற விதிவிலக்குகள் தொடரும். புதிதாகத் தேவைப்படுபவர்கள் மனிதவளப் பிரிவுக்குத் தனியாக எழுதலாம். விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்.
>
> நீங்கள் செய்ய வேண்டியது: முதல் வாரத்துக்கான நாட்களை அக்டோபர் 1, வியாழக்கிழமைக்குள் டீம் லீடிடம் தெரிவிக்கவும்.

கடைசி வரியின் தேதியும் ரகசியம் பற்றிய உறுதியும் சாட்டில் இல்லாதவை. இப்படி எழுதுபவர் சேர்த்ததைத் தனியாகக் குறித்துக் காட்டி, அனுப்பும் முன் செயல் தலைவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும்.

"இப்போது இது 3 நாள்" என்ற சின்ன வாக்கியம் ரொம்ப முக்கியம். நடுநிலை என்றால் கெட்ட செய்தியை மறைப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். "வாரத்துக்கு 2 நாள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதியை மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" என்று எழுதினால், ஒரு நாள் போய்விட்டது என்று ஊழியருக்குத் தெரியாமலா இருக்கும்? வேலூரிலிருந்து வந்துபோகிறவருக்கு அந்த ஒரு நாள் பல மணி நேரப் பயணம். இனிப்பு தடவிய வாக்கியம் அவருடைய கோபத்தைக் கூட்டத்தான் செய்யும். மறுபக்கம், "சலுகை பறிக்கப்படுகிறது" என்பதும் நடுநிலை அல்ல. இருந்தது என்ன, ஆகப்போவது என்ன என்று இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் போதும். நல்லதா கெட்டதா என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

சரியாக வந்திருக்கிறதா?

அனுப்பும் முன் அந்த குரூப்பில் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். குரூப்பில் இருந்தவருக்கு விடுபட்டது கண்ணில் படாது, மனசே நிரப்பிக்கொள்ளும். படித்தவரிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "ம், புரிஞ்சுது" என்றுதான் வரும். "அக்டோபர் 5 வாரத்துல நீங்க எந்தெந்த நாள் ஆபீஸ் வருவீங்க?" என்று கேட்க வேண்டும். அவர் தயங்கினால் பிழை அறிவிப்பில் இருக்கிறது.

அனுப்பிய பிறகும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால், மூவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வது மறுபடியும் சாட் கலாசாரத்துக்கே கொண்டுபோகும். 'திருத்தம்' என்று தலைப்பிட்டு, தேதி போட்டு, எந்த வரி மாறியது என்று சொல்லி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பழைய ஆவணத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவைத்தால், இரண்டு பேர் கையில் இரண்டு விதி இருக்கும்.

குரூப்பில் பேசி முடிவெடுப்பதில் தவறில்லை. வேகமாக வேலை நடக்கும் இடங்களில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அந்தப் பேச்சின் ஸ்கிரீன்ஷாட்டையே விதியாக ஊழியர்கள் கையில் கொடுப்பதை நிர்வாகங்கள் நிறுத்த வேண்டும். மெயில் எழுதும் இளம் ஊழியர் திரும்பி வந்து ஐந்து கேள்வி கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லவும் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் செலவழிக்கப்படாவிட்டால், 120 பேரும் ஆளுக்கொரு விதியோடு திங்கட்கிழமையை எதிர்கொள்வார்கள்.