விதை முளைக்காவிட்டால் எங்கே போவது? சட்டப் புத்தகம் வாங்கும்போது கவனியுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்குச் சரக்குடன் வரும் விவசாயிகளில் சிலர் எளிய தமிழில் எழுதிய நுகர்வோர் சட்டப் புத்தகங்களையும் வாங்கிச் செல்கிறார்கள். வரவேற்கலாம். ஆனால் நான் புரட்டிய சிலவற்றில் குளிர்சாதனப் பெட்டிக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனி அத்தியாயம் இருந்தது. விதைக்கு இரண்டே வரி.

விதை வாங்கும் விவசாயி நுகர்வோர்தானா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் விடை சொல்லிவிட்டது. தேசிய விதைக் கழகத்துக்கு எதிராக ஆந்திர விவசாயிகள் நடத்திய வழக்கு அது. விதைச் சட்டம் தனியாக இருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு வர முடியாது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் விவசாயி, பரிசோதனைக்கென்று ஒரு பகுதியை எடுத்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றும் சொன்னது.

புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது எந்த ஆண்டுச் சட்டத்தை வைத்து எழுதியது என்பதை. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் ஐதராபாத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது, எந்த மாநிலத்து விதி என்பது. மகாராஷ்டிரத்தில் பருத்தி விதைக்கென்றே 2009-இல் தனிச் சட்டம் வந்தது. அதை வைத்து எழுதியதைப் படித்துவிட்டு நம்மூர் வேளாண் அலுவலகத்தில் அதே வழிமுறையைக் கேட்டால் நடக்காது. இங்கு விதை ஆய்வாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, வயலைப் பார்த்து அறிக்கை தரக் கேட்க வேண்டும்.

இந்த அறிக்கையில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. 'முளைப்பு குறைவு' என்று மட்டும் எழுதினால் போதாது, காரணமும் வேண்டும். ஒட்டுரக மக்காச்சோளத்துக்கு முளைப்புத்திறன் 90 சதவீதம் இருக்க வேண்டும். 25 செ.மீ. இடைவெளியில் குழிக்கு ஒரு விதை போட்டால் 10 மீட்டர் வரிசையில் 40 விதை விழும். 36 செடி நிற்க வேண்டும். 22தான் நிற்கிறது என்றால், முளைக்காத இடத்தைத் தோண்டிப் பாருங்கள். விதையே இல்லையென்றால் அணிலோ மயிலோ எடுத்திருக்கும். அளவுக்கு மீறிய ஆழத்தில் கிடந்தால் விதைப்புக் கோளாறு. சரியான ஆழத்தில், ஈரமும் இருந்து, அப்படியே அழுகிக் கிடந்தால் விதையைச் சந்தேகிக்கலாம். அதே குவியல் எண்ணுள்ள விதை பக்கத்து ஊரிலும் இப்படியே ஆகியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாகும்.

குவியல் எண் பையில் உள்ள அட்டையில் இருக்கும். பையும் அட்டையும் குவியல் எண் எழுதிய ரசீதும் அறுவடை வரை வீட்டில் இருக்கட்டும். எண் எழுதாத ரசீதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள்.